எந்த வேலைக்கு என்று சொல்லி ஃபோல்டருக்கு அனுமதி கேட்பது

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் டாகுமெண்டேஷன் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பையர் கேட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை எடுக்க கூகுள் டிரைவில் உள்ள Buyers ஃபோல்டர் வேண்டும். இரண்டு முறை Request access அழுத்திவிட்டேன், பதிலே இல்லை. டாலி லாகினும் கேட்டேன், "உங்களுக்கு எதற்கு அதெல்லாம்?" என்கிறார்கள். எப்படிக் கேட்டால் கொடுப்பார்கள்?

பதில்: ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், ஷூ கம்பெனிகளின் சிஸ்டம் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக, நீங்கள் அனுப்பியது போன்ற கோரிக்கைகள் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தப் பொத்தானை அழுத்தியதும் ஃபோல்டரின் உரிமையாளருக்கு ஒரு மெயில் போகிறது. அதில் உங்கள் மெயில் முகவரியும் Buyers என்ற ஃபோல்டரின் பெயரும் இருக்கும். செய்தி எழுதுவதற்கு அங்கே ஒரு சிறு கட்டம் உண்டு. கட்டாயம் இல்லை என்பதால் பெரும்பாலோர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். நீங்களும் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெயிலைப் பார்க்கும் மெர்ச்சண்டைசிங் மேலாளருக்கு, சேர்ந்து இரண்டு மாதமான ஒருவர் பையர்கள் அத்தனை பேரின் ஃபோல்டரையும் கேட்கிறார் என்பது மட்டுமே தெரிகிறது. கொடுத்துவிட்டால் நாளை யாராவது கேள்வி கேட்பார்கள், மறுத்தால் மனக்கசப்பு வரும், விசாரிக்கவோ நேரம் இல்லை. அதனால் மெயிலை அப்படியே விட்டுவிடுகிறார். இரண்டாம் முறை அழுத்தியபோதும் அவர் கையில் கூடுதலாக எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் Buyers ஃபோல்டரின் உள்ளே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```
Buyers
  B07
    01_Costing
    02_Orders
    03_Test_Reports
    04_Shipping
  B08
    ...
```

இதில் 01_Costing என்பதுதான் எல்லோருக்கும் அச்சம் தரும் இடம். ஒரு ஜோடிக்குத் தோல் எவ்வளவு, சோல் எவ்வளவு, கூலி எவ்வளவு, பையரிடம் கேட்ட விலை என்ன, கடைசியில் படிந்த விலை என்ன என்பதெல்லாம் அங்கே இருக்கும். கூகுள் டிரைவில் மேல் ஃபோல்டருக்கு ஒருவரைச் சேர்த்தால் அந்த அனுமதி வழக்கமாக உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களுக்கும் தானாக இறங்கிவிடும். நீங்கள் கேட்டது ரிப்போர்ட்டுகளுக்காகவே இருந்தாலும், ஆம் என்று ஒரு சொடுக்குச் சொடுக்கினால் விலைப் பட்டியலும் சேர்ந்தே திறந்துவிடும். "எதற்கு அதெல்லாம்" என்று கேட்டவர் உங்கள் மேல் ஐயப்பட்டுக் கேட்டதாக நான் நினைக்கவில்லை, அந்த 'அதெல்லாம்' என்ற சொல்லுக்குள் இருப்பது இந்த விலைப் பட்டியல்தான்.

ஆகவே ஃபோல்டரின் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள். பையர் கேட்டது என்னவென்று நீங்கள் எழுதவில்லை. இந்தத் தொழிலில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் பையர், ஜனவரி முதல் மார்ச் வரை அனுப்பிய 14 ஆர்ட்டிகிளுக்கும் குரோமியம் சிக்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்கிறார். உடம்பில் படும் தோல் பொருள்களில் இது ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல் நடப்பில் உள்ள விதி என்பதால், பையர் கேட்டால் தட்ட முடியாது.

இந்த வேலைக்கு எதெது வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதலில் அந்த ரிப்போர்ட்டுகளின் பிடிஎஃப் வேண்டும். அவை 03_Test_Reports ஃபோல்டரில் இருக்கின்றன. அடுத்து, எந்த ஆர்ட்டிகிளுக்கு எந்த ரிப்போர்ட் என்று தெரிய வேண்டும். ரிப்போர்ட்டில் தோலின் பெயரும் நிறமும் லாட் எண்ணும் இருக்கும், ஆர்ட்டிகிள் எண் பெரும்பாலும் இருக்காது. ஒரே தோலில் மூன்று ஆர்ட்டிகிள் தைத்திருந்தால் மூன்றுக்கும் ஒரே ரிப்போர்ட்தான், ஆகவே 14 ஆர்ட்டிகிளுக்கு ஒன்பது ரிப்போர்ட்டே இருக்கலாம். இந்தப் பொருத்தம் 02_Orders ஃபோல்டரில் உள்ள ஆர்டர் ஷீட்டில் இருக்கிறது, ஆனால் அந்த ஷீட்டில் விலையும் இருக்கிறது. மூன்றாவதாக, எந்த இன்வாய்ஸில் எந்த ஆர்ட்டிகிள் எந்தத் தேதியில் போனது என்பது வேண்டும். நீங்கள் டாலி கேட்டது இதற்காகத்தான் என்று ஊகிக்கிறேன்.

எழுதி முடித்ததும் ஒன்று புலப்படும்: மூன்று தேவைகளில் முதலாவதற்கு மட்டும்தான் ஃபோல்டர் அனுமதி வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கு, அந்த 14 ஆர்ட்டிகிளுக்கு நேரே தோலின் பெயரையும் லாட் எண்ணையும் போட்ட ஒரு சிறு பட்டியலை மெர்ச்சண்டைசர் தந்தால் போதும். அவருக்கு அது கால் மணி நேர வேலை. மூன்றாவதற்கு, அக்கவுண்ட்ஸில் இருப்பவர் டாலியில் அந்தப் பையரின் லெட்ஜரை ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை வைத்து, Alt+E அழுத்தி எக்செல் ஆக எடுத்துத் தந்தால் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் கிடைத்துவிடும். ஆர்ட்டிகிள் விவரத்தை உங்கள் பிரிவிலேயே இருக்கும் பேக்கிங் லிஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். வேலையைச் சொல்லிக் கேட்பதால் வரும் பெரிய லாபம் இதுதான் என்பேன். கேட்கப்படுபவருக்கு உங்கள் வேலை தெரிந்தால், நீங்கள் கேட்டதை விடச் சுருக்கமான ஒரு வழியை அவரே சொல்லிவிடுவார்.

இனி முதல் தேவைக்கு வருவோம். எந்த அளவு அனுமதி என்பதையும் வேலையே தீர்மானிக்கிறது. டிரைவில் Viewer, Commenter, Editor என்று மூன்று நிலைகள் உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்து எடுத்து அனுப்புவதற்கு Viewer போதும், ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. Viewer நிலையில் இருப்பவர்கள் டவுன்லோடு, பிரிண்ட், காப்பி செய்ய முடியாதபடி உரிமையாளர் தடுத்து வைக்கலாம், விலை தொடர்பான ஃபோல்டர்களில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். "பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பார்க்க மட்டும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் மெயிலில் இணைக்கப் போகும்போதுதான் டவுன்லோடு இல்லை என்பது தெரியவரும். "பிடிஎஃப்களை டவுன்லோடு செய்து பையருக்கு மெயிலில் இணைக்க வேண்டும்" என்று வேலையை எழுதினால் கொடுப்பவரே அந்தத் தடையையும் பார்த்து எடுத்துவிடுவார்.

தேவைக்கு மேல் Editor கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ரிப்போர்ட் எடுக்க வந்த ஒரு தம்பிக்கு அவசரத்தில் நானே Editor கொடுத்துவிட்டேன். அவர் மவுஸை இழுத்தபோது ஒரு சீசனின் ஃபோல்டர் முழுவதும் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்தது. அவருக்கே அது தெரியாது. மறுநாள் காலை முதல் மாலை நான்கு மணி வரை மெர்ச்சண்டைசிங் பிரிவு மொத்தமும் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அலைந்தது. கடைசியில் ஃபோல்டரின் Activity பட்டியலில், யார் எதை எங்கே நகர்த்தினார் என்று தேதியோடு இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். திட்டு அந்தத் தம்பிக்கு விழுந்தது, தவறு என்னுடையது. அன்றிலிருந்து "எடிட் வேண்டும்" என்று யார் எழுதினாலும் எதைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை.

இப்போது கோரிக்கையை எழுதலாம். உங்கள் அலுவலகத்தில் மெயில் ஆங்கிலத்தில்தான் போகும் என்றால் அதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்க வேண்டியவை மாறுவதில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சார், வணக்கம். B07 பையர் திங்கள்கிழமை அனுப்பிய மெயிலில், ஜனவரி முதல் மார்ச் வரை அனுப்பிய 14 ஆர்ட்டிகிளுக்குக் குரோமியம் சிக்ஸ் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இந்த வேலையை டாகுமெண்டேஷன் மேலாளர் என்னிடம் கொடுத்திருக்கிறார், அவரையும் இந்த மெயிலில் சேர்த்திருக்கிறேன். இதற்கு B07-க்குள் இருக்கும் 03_Test_Reports ஃபோல்டர் மட்டும், பார்க்கவும் டவுன்லோடு செய்யவும் தேவை. காஸ்டிங், ஆர்டர் ஃபோல்டர்கள் தேவையில்லை. ஆர்ட்டிகிளுக்கு நேரே தோல், லாட் எண் போட்ட பட்டியலை மெர்ச்சண்டைசரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பையர் திருப்பிக் கேள்வி கேட்கலாம் என்பதால் அடுத்த வாரம் சனிக்கிழமை வரை அனுமதி இருந்தால் போதும். பையரின் மெயிலைக் கீழே இணைத்திருக்கிறேன். என் அலுவலக மெயில் முகவரிக்கே அனுமதி கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஒவ்வொரு வரியும் அவர் கேட்கப்போகும் ஒரு கேள்வியை முன்கூட்டியே தீர்க்கிறது. "காஸ்டிங், ஆர்டர் ஃபோல்டர்கள் தேவையில்லை" என்ற வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் கை நீட்டி அனுமதி கொடுத்த மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலையை யார் கொடுத்தார் என்பதும் அதே அளவு முக்கியம். "சாரிடம் அப்ரூவல் வாங்கி வா" என்று சிஸ்டம் பார்க்கும் பாய் உங்களைத் திருப்பி அனுப்பினால், அவர் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். அவரிடம் இருப்பது திறந்துவிடும் சாவி மட்டும்தான், யாருக்குத் திறக்கலாம் என்ற முடிவு அந்த ஃபோல்டருக்குப் பொறுப்பானவருடையது. ஆகவே மெயிலைப் பொறுப்பானவருக்கு எழுதி, சிஸ்டம் பிரிவை அதில் சேர்த்துவிட்டால், ஒருவர் "சரி" என்று பதில் போட்டதும் மற்றவர் வேலையை முடித்துவிடுவார்.

இத்தனை விவரமும் எழுதிய பின்னும் பதில் வராமல் போகலாம். அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து கேட்டீர்கள் என்பது. பிரவுசரில் சொந்த ஜிமெயில் திறந்திருக்கும்போது அலுவலக லிங்க்கைச் சொடுக்கினால் You need access என்ற பக்கம் வரும், அங்கிருந்து அழுத்தினால் கோரிக்கை சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்துதான் போகும். வெளியாள் ஒருவர் பையர் ஃபோல்டரைக் கேட்பது போலவே அது தெரியும். கம்பெனிக்கு வெளியே பகிர்வதைத் தடுத்து வைத்திருந்தால் உரிமையாளர் விரும்பினாலும் கொடுக்க முடியாது. அந்தப் பக்கத்தில் எந்த முகவரியில் நுழைந்திருக்கிறீர்கள் என்று காட்டும், முதலில் அதைப் பாருங்கள்; உங்களுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்து, தவறான கணக்கில் நுழைந்ததால் மட்டும் கதவு மூடியிருக்கவும் கூடும். மற்றொன்று, ஃபோல்டரை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பது. தனிநபரின் My Drive-இல் இருக்கும் ஃபோல்டர் என்றால் கோரிக்கை அந்த உரிமையாளரின் பெட்டிக்குத்தான் போகும், அவர் போய்விட்டால் அந்தப் பெட்டியைத் திறக்க ஆள் இல்லை. ஏற்கெனவே அந்த ஃபோல்டரைப் பயன்படுத்தும் ஒருவரிடம் Owner என்று யார் பெயர் காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பழைய ஆளின் பெயர் வந்தால் சிஸ்டம் பிரிவிடம் அதைச் சொல்லுங்கள், உரிமையை மாற்றுவது அவர்கள் வேலை.

சில கம்பெனிகளில் டிரைவ் இல்லாமல், அலுவலக சர்வரிலேயே ஃபோல்டர்கள் இருக்கும். அங்கும் கேட்கும் முறை இதேதான். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லியும் Access is denied என்றே வந்தால், விண்டோஸிலிருந்து ஒருமுறை லாக் ஆஃப் செய்து மீண்டும் நுழையுங்கள். குழுவில் புதிதாகச் சேர்த்த பெயரை நீங்கள் நுழையும்போதுதான் அது எடுத்துக்கொள்கிறது.

டாலி விஷயத்தில் சற்று வேறு கணக்குகளும் உண்டு. சில்வர் லைசென்ஸ் என்றால் ஒரு கம்ப்யூட்டரில் ஒருவர் மட்டுமே வேலை செய்ய முடியும். நீங்கள் நுழைய வேண்டுமானால் அக்கவுண்ட்ஸில் இருப்பவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். கோல்டு என்றால் ஒரே நெட்வொர்க்கில் பலர் வேலை செய்யலாம், ஆனால் யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று User Roles-இல் தனித்தனியாக அமைக்க வேண்டும். அமைக்காமல் ஒரு லாகினைக் கொடுத்துவிட்டால் சம்பளப் பட்டியல், லாப நட்டக் கணக்கு வரை எல்லாம் திறந்திருக்கும். ஆகவே "டாலி லாகின் வேண்டும்" என்று எழுதினால் அக்கவுண்ட்ஸ் மேலாளர் மறுக்காமல் என்ன செய்வார்? உங்கள் வேலைக்கு ஒரு பையரின் மூன்று மாத லெட்ஜர் ஒருமுறை போதும் என்பதால் இந்த முறை லாகினே கேட்க வேண்டாம். மாதாமாதம் இதே தேவை வந்தால், "ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், ஏற்றுமதி இன்வாய்ஸ்களின் எண்ணையும் தேதியையும் பார்க்க மட்டும், சுமார் அரை மணி நேரம்" என்று எழுதுங்கள். அதை வைத்து அவர் உங்களுக்கென ஒரு ரோலை உருவாக்குவதா, எக்செல் அனுப்புவதே எளிதா என்று முடிவு செய்துகொள்வார்.

பக்கத்து இருக்கைக்காரர் "என் பாஸ்வேர்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நல்ல மனதோடு சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின்படி நடக்கும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு பதிவையும் யார், எப்போது மாற்றினார் என்ற தடத்தை, யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி, வைத்திருக்க வேண்டும். நீங்கள் கைதவறி ஒரு வவுச்சரில் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் அது அவர் பெயரிலேயே நிற்கும். ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

மெயில் அனுப்பும் நேரத்தையும் பாருங்கள். நம் ஊரில் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் பலர் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள், சாப்பாடு முடிந்து திரும்ப மூன்று மணி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை கெடு என்றால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மெயில் போய்விட வேண்டும். புதன்கிழமை மாலை வரை பதில் இல்லையென்றால் மீண்டும் பொத்தானை அழுத்தாமல், அதே மெயிலின் தொடர்ச்சியாக, "வெள்ளிக்கிழமை கெடு என்பதால் நினைவூட்டுகிறேன், அனுமதி சிரமம் என்றால் இந்த ஒன்பது ரிப்போர்ட்டுகளை மட்டும் அனுப்பினாலும் போதும்" என்று எழுதி லாட் எண்களைக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்ததும், கொடுத்தவர் இருக்கையில் இருக்கும்போதே ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து, டவுன்லோடு செய்து, அந்த பிடிஎஃப் திறக்கிறதா என்றும் பாருங்கள். அலுவலகக் கணக்குகள் சிலவற்றில் அனுமதிக்கு முடியும் தேதியை அமைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கம்பெனியில் அது இல்லையென்றால், பையர் வேலை முடிந்த அன்றே "B07 ரிப்போர்ட்டுகள் அனுப்பியாயிற்று, என் அனுமதியை எடுத்துவிடலாம்" என்று அதே மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்த பையர் இதே கேள்வியோடு வரும்போது அந்த மெயிலையே முன்னனுப்பி, B07 என்பதை B08 என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.